கம்பெனிக்கு ஓலை வாசித்தோம்

அந்த லைசென்ஸுக்கு என் தம்பி முதலில் சந்தனம் வைத்தான். பிறகுதான் படித்தான்.

படித்தான் என்றும் சொல்ல முடியாது. மேலே ஒரு முத்திரை, பக்கத்தில் வலமிருந்து இடமாக ஓடும் அரபி எழுத்து, கீழே ஒரு கையெழுத்து. அந்த மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான். கலர் ஜெராக்ஸ்தான். அதைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு எதிரில் லேமினேஷன் பண்ணி, ஃப்ரேம் போட்டு, மில்லில் மாதா படத்துக்குக் கீழே ஆணி அடித்து மாட்டிவிட்டான். போதாததற்குப் பங்குச் சாமியாரைக் கூட்டிவந்து தீர்த்தம் தெளிக்கச் சொன்னான். சாமியாரும் தெளித்தார். கண்ணாடிமேல் விழுந்த துளிகள் வழிந்து, லைசென்ஸ் என்றைக்குக் காலாவதியாகும் என்ற வரியின்மேல் வந்து நின்றன. யாரும் துடைக்கவில்லை.

மில் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, உடைக்கிற மெஷின் இரண்டு, தகரக் கொட்டகை, காயப்போடக் களம், நாள் முழுதும் செந்தூசி. மெஷின் ஓடும்போது தோல் பறக்கும். கொட்டகைக்குள் இருக்கிறவர்களின் புருவமெல்லாம் செம்பட்டையாகிவிடும். என் தம்பிக்கு நாற்பது வயதில் அந்தத் தூசி அலுத்துவிட்டது. இரண்டாயிரத்துப் பத்தை ஒட்டிய அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் தெருவுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்தார்கள். அவர்கள் லீவில் வந்து இறங்கும் வாசனை காற்றில் ஒரு வாரம் நிற்கும். என் தம்பி அந்த வாசனைக்குப் பின்னால் போய்விட்டான் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வாசனையின் பெயர், ஊர்ப் பெயர்தான்: வளவனூர்க்காரர். எங்கள் சொந்தம் இல்லை, சபைக்காரர், லீவில் ஊருக்கு வந்திருந்தார். கோயில் திருவிழாவுக்குத் தேர் செலவில் பாதி அவருடையது. கையில் மூன்று ஃபோன். பேசும்போது ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார், எதிலும் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். ஷார்ஜா பக்கம் ஒரு ஃப்ரீ ஸோனில் அவருக்குக் கம்பெனி. ஃப்ரேமில் தொங்கியது அந்தக் கம்பெனி லைசென்ஸ்தான். ஃப்ரீ ஸோன் என்றால் அந்த ஊர் சர்க்காரே வேலி போட்டு வளைத்து, உள்ளே வெளிநாட்டுக்காரன் தானே முழு முதலாளியாக இருக்கலாம் என்று விட்டிருக்கிற வட்டாரம். வேலிக்கு வெளியே என்றால் அப்போதெல்லாம் உள்ளூர் அரபி ஒருவர் பாதிக்கு மேல் பங்கில் நிற்க வேண்டும்.

"நம்ம மல்லாட்டை அங்க தங்கம் மச்சான். நீ பாதி, நான் பாதி. இங்க தூசி துன்னுகினு கெடக்கறியே," என்றார் அவர்.

பாதி வாங்க மில் விற்க வேண்டும். விலைக்குக் கேட்டவர் செஞ்சிப் பக்கத்து வியாபாரி. ஆடி பிறக்கும் முன்னே பத்திரம் பதிந்துவிட வேண்டும், ஆடியில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தம்பிக்கு மில்லைத் தவிர வேறு எதுவும் கிடையாது. வீடுகூட அந்தக் களத்தை ஒட்டி, அதே பத்திரத்தில்தான் இருந்தது.

நான் விழுப்புரத்தில் இருந்தேன். என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தவள் தம்பி பெண்டாட்டி. அவளைப் பற்றி ஒன்று சொன்னால் போதும்: கடைக்காரன் தராசில் கை வைத்திருந்தால் வாயால் சொல்ல மாட்டாள், அவன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் தானாக எடுத்துவிடுவான்.

"யக்கா, உங்க கொழுந்தனாரு அங்கதான கீறாரு. ஒரு வார்த்தை பாக்கச் சொல்லேன். இவரு அந்த ஃப்ரேமுக்குத் தெனம் ஊதுவத்தி கொளுத்திக்கினு கீறாரு."

என் கணவரின் தம்பி ஷார்ஜாவில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலையாக இருந்தான். பெயர்தான் டைப்பிங். வேலை என்னவோ கம்பெனிக்காரர்களின் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு கவுன்டர் கவுன்டராக அலைவது: லைசென்ஸ் புதுப்பிக்க, விசா அடிக்க, கையெழுத்து அட்டஸ்ட் பண்ண. எந்தக் கவுன்டரில் எந்த நாற்காலி ஆடும் என்பதுகூட அவனுக்குத் தெரியும். வாயும் அப்படித்தான் ஆடும்.

"அண்ணி, ஃப்ரேம்ல போட்டு மாட்டிட்டாங்களா? நல்லது. இங்க நாங்க அதை ஃபைல்ல குத்தி வெப்போம். நம்பரை மட்டும் படிங்க," என்றான்.

தம்பி பெண்டாட்டி ஸ்டூல் போட்டு ஏறி, ஊதுவத்திப் புகைக்குள் மூக்கை விட்டு நம்பரைப் படித்தாள். நான் விழுப்புரத்தில் அதை வாங்கி அவனுக்குச் சொன்னேன். நாலு நாளில் கூப்பிட்டான்.

"லைசென்ஸ் நெசந்தான். கவுன்டர்ல நம்பரைப் போட்டுப் பார்த்தாங்க, உயிரோட கீது. முடியறதுக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. ஆனா மூணு சேதி சொல்றேன், நாற்காலில ஒக்காந்துக்கினு கேளுங்க. ஒண்ணு, அதுல போட்டிருக்கற வியாபாரம் கட்டட சாமான். டைல்ஸு, பைப்பு. மல்லாட்டை இல்ல. சாப்பாட்டுச் சாமான் வியாபாரம்னு தனியா சேத்து மாத்தினாத்தான் அந்தப் பேர்ல மல்லாட்டை எறக்க முடியும். ரெண்டு, எறக்கினாலும் வேலிக்கு வெளிய இருக்கற கடைக்கு இவங்களே நேரா விக்க முடியாது. வெளிய லைசென்ஸ் வெச்சிருக்கற ஒருத்தர் மூலமாத்தான் போவணும்."

"மூணாவது?"

"கம்பெனி பேருக்குப் பின்னாடி மூணு எழுத்து இருக்குல்ல? அது அலங்காரத்துக்கு இல்ல அண்ணி. இந்த ஸோன்ல அந்த எழுத்து போட்டா ஒரே ஒரு முதலாளின்னு அர்த்தம். ரெண்டாவது ஆளைச் சேர்த்தா எழுத்தே மாறிடும். உங்க தம்பியைப் பாதியாச் சேக்கணும்னா, இங்க கவுன்டர்ல வந்து, பழைய ஒப்பந்தத்த மாத்தி எழுதி, அதிகாரி முன்னாடி கையெழுத்துப் போட்டு, புதுசாப் பங்குச் சர்டிபிகேட் வாங்கணும். திண்டிவனத்துல ஸ்டாம்ப் பேப்பர்ல எழுதினா அதை வெச்சி வடை மடிக்கலாம்."

"அந்த ஒரு முதலாளி யாரு, அவருதானா?"

"அதத்தான் சொல்ல மாட்டேங்கறாங்க. லைசென்ஸ்ல மேனேஜர்னு அவர் பேரு கீது. முதலாளி பேரு அதுல வராது. கேட்டா, கம்பெனிக்காரங்களே எழுதிக் கேட்டாத்தான் குடுப்போம், நீ யாருங்கறான்."

விசேஷம் என்னவென்றால், வளவனூர்க்காரர் எங்களிடம் அதுவரை சொல்லியிருந்தது "நாங்க மூணு பார்ட்னருங்க" என்பதுதான். நீ பாதி நான் பாதி என்றபோது மற்ற இரண்டு பேர் எந்தப் பாதியில் இருந்தார்கள் என்று தம்பிக்குக் கேட்கத் தோன்றவில்லை. தம்பி பெண்டாட்டிக்குத் தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை நானும் திண்டிவனம் போயிருந்தேன்; பூசை முடிந்து அவர் சாப்பிட வந்தபோது கறிக்குழம்பை அவர் இலையில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்கண்ணா, மூணு பேருன்னீங்க. அங்க ஒரு ஆளுக்குத்தான் எடமாமே?"

அவர் கரண்டி நிற்கும்வரை காத்திருந்தார். "அவங்க ரெண்டு பேரு சைலண்ட் பார்ட்னரும்மா. பேப்பர்ல வர மாட்டாங்க. அங்க சிஸ்டமே அப்பிடி."

"பேசாதவங்கன்னா சரி. பேரே இல்லாதவங்களா?"

"டேய், ஒன் சம்சாரத்த போலீஸ்ல சேத்து விடுடா," என்று அவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார். தம்பியும் சிரித்தான். ஆனால் சாப்பிட்டுக் கை கழுவியதும் அவர் காருக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் உறை கொண்டுவந்தார். அதில் பங்குச் சர்டிபிகேட். மொத்தப் பங்கும் வளவனூர்க்காரர் பெயரில். முத்திரை, கையெழுத்து, எண் எல்லாம் இருந்தது.

தம்பி அந்தக் காகிதத்தை எங்கள் இரண்டு பேர் முகத்துக்கும் நேராக ஆட்டினான். "இப்ப இன்னா சொல்றீங்க? ரெண்டு பேரும் சேந்து ஒரு மனுஷனத் திருடனாக்கப் பாத்தீங்களே." அன்று அவன் முகம் கர்த்தர் உயிர்த்தெழுந்த முகம். எனக்கும் வெட்கமாகத்தான் போயிற்று. கொழுந்தனாருக்குப் படம் எடுத்து அனுப்பினோம். அவனும், "அசல் மாதிரித்தான் தெரியுது அண்ணி, இந்த ஸோன் சர்டிபிகேட் இப்பிடித்தான் இருக்கும்," என்றான்.

மில்லுக்குக் கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் விழுப்புரத்தில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி. நானே அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டே பார்த்தார்.

"நம்ம ஊருன்னா கம்பெனிப் பதிவாளர்கிட்ட கட்டணம் கட்டி நீங்களே கம்ப்யூட்டர்ல பாத்துக்கலாம்மா, யாரு பங்குதாரர், யாரு டைரக்டர்னு. அங்க அப்பிடித் தொறந்து வெக்கல. அதனால காட்டறவன் எதைக் காட்டறானோ அதத்தான் பாக்கறோம்."

"இது அசல்னு சொல்றாங்களே?"

"அசலாவே இருக்கட்டும். தேதியப் பாருங்க. கம்பெனி ஆரம்பிச்ச அன்னிக்குக் குடுத்தது. அன்னிக்கு இவருதுதான். நேத்திக்கு யாருது?"

அந்தக் கேள்வியை நான் பஸ்ஸில் திண்டிவனம்வரை மடியில் வைத்துக்கொண்டு போனேன். ஜன்னலுக்கு வெளியே கரும்பு, கரும்பு, பிறகு டோல்கேட். நேத்திக்கு யாருது, நேத்திக்கு யாருது என்று சக்கரம் கேட்டுக்கொண்டே வந்தது. தம்பி பெண்டாட்டி களத்தில் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். முறம் அப்படியே நின்றது.

"யக்கா! இது ஞானஸ்நான சர்டிபிகேட்டு."

"எது?"

"நீ யோசிச்சிப் பாரு. என் கல்யாணத்துக்கு எங்க அப்பா என்னோட ஞானஸ்நான சர்டிபிகேட்ட ட்ரங்குப் பெட்டிலேருந்து எடுத்துக்கினு போனாரு. சாமியாரு வாங்கினாரா? வாங்கல. இது நீ பொறந்தப்ப எழுதினது, ஆறு மாசத்துக்குள்ள எழுதினது கொண்டான்னு தொரத்திட்டாரு. ஏன்? நடுவுல எவனையாவது கட்டிக்கினு இருந்தா, கோயில் புஸ்தகத்துல என் பேரு ஓரத்துல அதையும் எழுதியிருப்பாங்க. பழைய சர்டிபிகேட்டுல அது வராது. புதுசா எடுத்தாத்தான் வரும்."

நான் களத்தின் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் சபையில் கல்யாணம் என்றால் இதெல்லாம் மூச்சு விடுவதுபோல. புதிதாக எடுத்த சர்டிபிகேட், அதுவும் ஒரு பங்குக் கோயிலிலிருந்து இன்னொரு பங்குக் கோயிலுக்கு ஒட்டிய உறையில். பிறகு மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள், இன்னார் மகனும் இன்னார் மகளும் கல்யாணம் செய்யவிருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடவார்கள் என்று. மூன்று ஞாயிறும் பெண்வீட்டார் யாராவது எழுந்திருக்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள். அத்தனையும் செய்து பெண்ணைக் கொடுக்கிற ஜனம், மில்லைக் கொடுக்கும்போது லேமினேஷனை நம்பிவிட்டது.

கொழுந்தனாரைக் கேட்டோம், அப்படிப் புதிதாக எழுதித் தருவார்களா என்று. "ஏன் தர மாட்டாங்க? இன்னிய தேதியில யார் முதலாளி, யார் மேனேஜர், எத்தினி பங்குன்னு பதிவேட்டப் பாத்து எழுதிக் குடுப்பாங்க. இன்கம்பன்சி சர்டிபிகேட்னு பேரு. பேங்குலகூட அதத்தான் கேப்பாங்க. கம்பெனிக்காரரு ஒரு லெட்டர் குடுத்து, காசு கட்டினா ரெண்டு மூணு நாளு. ஆனா அண்ணி, அவரு கையால வாங்கி உங்களுக்கு அனுப்ப விடாதீங்க. கவுன்டர்லேருந்து என் கைக்கு வரட்டும்."

"ஒட்டின கவரு," என்றாள் தம்பி பெண்டாட்டி, பக்கத்திலிருந்து.

கேட்டால் வளவனூர்க்காரர் கொடுப்பாரா? தனியாகக் கேட்டால் மூன்று ஃபோனையும் எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார். அதனால் அவள் இடம் பார்த்துக் கேட்டாள். அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து, கோயில் வாசலில், சாமியார் வாசற்படியில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்த நேரம்.

"சாமி, ஒரு சந்தேகம். கல்யாணத்துக்கு ஞானஸ்நான சர்டிபிகேட்டு பழசு ஏன் செல்லாது?"

"ஏம்மா, யாருக்குக் கல்யாணம்?"

"இவருக்கும் அண்ணனுக்கும்."

வாசற்படி முழுதும் சிரித்தது. என் தம்பியின் காது சிவந்துவிட்டது. சாமியாருக்கும் சிரிப்புத் தாங்கவில்லை. அவள் விடாமல், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னாள்: "கம்பெனியில சேத்துக்கறாரு சாமி. அதுவும் சம்பந்தந்தானே. அண்ணனும் கல்யாணத்துக்குப் புதுச் சர்டிபிகேட்டு குடுத்துத்தானே பொண்ணு எடுத்தாரு. அதே மாதிரி கம்பெனிக்கும் ஒண்ணு குடுத்துட்டா, ஓலை வாசிச்ச மாதிரி ஆயிடும். தடை இல்லன்னு ஊருக்கே தெரியும்."

"நியாயந்தானே," என்றார் சாமியார், விளையாட்டாகத்தான். ஆனால் சொன்னவர் சாமியார், கேட்டது சபை. தேருக்குப் பாதிச் செலவு கொடுத்தவரால் அந்த இடத்தில் மாட்டேன் என்று சொல்ல முடியுமா?

"அதுக்கென்னம்மா. நாளைக்கே லெட்டர் குடுத்துடறேன்," என்றார். சிரித்தார். காருக்குப் போகும்போது மூன்றில் ஒரு ஃபோனைக் கோயில் மதில்மேல் மறந்துவிட்டுப் போய், திரும்ப வந்து எடுத்தார்.

நாளைக்கே இல்லை. முதல் ஞாயிறு போயிற்று: "சிஸ்டம் டவுன்." இரண்டாவது ஞாயிறு: "அங்க ஆபீசர் லீவு." தம்பி எங்களோடு பேசுவதை நிறுத்திவிட்டான். பெண்டாட்டி சோறு போட்டால் சோற்றிடம் பேசினான். "ஒரு நல்ல வாய்ப்பு வந்தா ஊட்டுலயே எமன்," என்று தட்டுக்குச் சொல்வான். "மல்லாட்டைத் தோலுலயே பொதைங்கடா என்னை" என்று தண்ணீர்ச் சொம்புக்குச் சொல்வான். செஞ்சி வியாபாரி வேறு தினம் ஃபோன்: "ஆனி முடியப் போவுது, பதிவுக்கு எப்ப வர்றது?" வருகிற வியாழக்கிழமை என்று தம்பி வாக்குக் கொடுத்துவிட்டான். அதைக் கேட்டதும் அவள் வளவனூர்க்காரரைக் கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அண்ணா, ஒண்ணும் அவசரமில்ல. வியாழக்கிழமை பத்திரம். அதுக்குள்ள ஓலை வந்தா பத்திரம். வரலன்னா நான் கையெழுத்துப் போட மாட்டேன். பத்திரத்துல என் பேரும் கீது, தெரியுந்தானே?"

தெரியாது போலிருக்கிறது. "ஒம் பேரா?" என்றார். களத்தின் பாதி, மாமனார் அவள் பேரில் எழுதியது. அது அவருக்குப் புதுச் செய்தி. மறுநாளே ஸோன் அலுவலகத்தில் அவர் லெட்டர் மெயிலில் விழுந்தது, சர்டிபிகேட்டை என் கொழுந்தனாரிடம் கொடுக்கலாம் என்று. மில்லின் பணம் கண்ணுக்கு எட்டிய தூரத்தில் நிற்கும்போது எந்த மனிதனும் கொஞ்சம் துணிந்துவிடுகிறான். பேரைப் பார்த்தால் இவர்களுக்கு என்ன புரியப்போகிறது என்றும் நினைத்திருப்பார்.

புதன்கிழமை மத்தியானம் கொழுந்தனார் கூப்பிட்டான். நான் திண்டிவனத்தில்தான் இருந்தேன். மெஷினை நிறுத்தச் சொல்லி, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, மல்லாட்டை மூட்டைமேல் வைத்தோம். தம்பி தூணில் சாய்ந்து வேறெங்கோ பார்த்தபடி நின்றான்.

"கையில வந்துடுச்சி அண்ணி. தேதி இன்னியது. மேனேஜர், உங்க வளவனூர் அண்ணன். பங்கு மொத்தம் நூறு சதம், முதலாளி ஒரே ஆளு." நிறுத்தினான். "அது அவரு இல்ல. ஒரு பொம்பள."

தம்பி தூணிலிருந்து நிமிர்ந்தான்.

"ரெண்டு வருஷம் முன்ன இவரு மொத்தத்தையும் அந்தம்மா பேருக்கு மாத்திட்டாரு. இப்ப இவருக்குப் பங்கு பூஜ்யம். சம்பள மேனேஜர். அந்தம்மா குடுத்த பவர் ஆஃப் அட்டர்னி வெச்சித்தான் லெட்டரே குடுத்திருக்காரு."

தம்பி அந்த இடத்திலேயே வளவனூர்க்காரரைக் கூப்பிட்டான். அவர் அசரவில்லை. "ஓ, அதுவா, அது எங்க மேடம் மச்சான். பெரிய கை. துபாயிலயே இருக்காங்க. எல்லாம் என்ன நம்பி விட்டிருக்காங்க. நான் சொன்னா மேடம் தட்ட மாட்டாங்க." தம்பி ஃபோனை வைத்துவிட்டு எங்களைப் பார்த்தான். அந்தப் பார்வையில் இன்னும் பாதி நம்பிக்கை மிச்சம் இருந்தது. மேடம் என்கிற சொல்லுக்கே ஒரு ஏசிக் காற்று உண்டு.

"மேடம் பேரு இன்னா?" என்று அவள் கொழுந்தனாரைக் கேட்டாள்.

அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான். பேரை இங்கே எழுத மாட்டேன். யாரோ ஒரு பழைய அர்ச்சிஷ்டவளின், அதாவது புனிதையின், லத்தீன் பேர், எங்கள் ஊர் நாக்கில் நூறு வருஷம் ஊறி, வேறு பேராகவே ஆகிவிட்டது. அந்த ஊறிய பேரைத்தான் பாஸ்போர்ட்டில் எழுதியிருந்தார்கள், முன்னால் ஒரு இனிஷியலோடு. "அண்ணி, துபாய் மேடத்துக்கெல்லாம் இப்பிடிப் பேரு இருக்காது. நாடும் இந்தியான்னுதான் போட்டிருக்கு," என்றான் அவன்.

தம்பி பெண்டாட்டி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள்.

"யக்கா, இந்தப் பேரு எங்க அம்மா ஊருப் பக்கத்துலயே ஒரு ஆளுக்குத்தான் கீது. கூட்டேரிப்பட்டு இட்லிக்கடையம்மா. அண்ணனோட மாமியாரு!"

மூன்று பேரும் தம்பியின் வண்டியில் போனோம், டாடா மினி லாரி, முன்னால் மூவரும் நெருக்கிக்கொண்டு. அவள் மட்டும் நடு நடுவே "மேடம்" என்று தனக்குத்தானே சொல்லிக் குலுங்கினாள். தம்பி கியரை வலிக்கிற மாதிரி மாற்றினான்.

கூட்டேரிப்பட்டுக் கூட்டு ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரில், நீலத் தார்ப்பாய் போட்ட கடை. மயிலத்துக்குப் போகிறவர்களும் லாரிக்காரர்களும் நின்று சாப்பிடுகிற இடம். அந்தம்மா உயரமான பெண்மணி, காதில் பெரிய கம்மல், கழுத்தில் சிலுவை, கையில் கரண்டி. நாங்கள் இறங்கினதும், "வாங்க, மூணு பேருக்கும் இட்லியா?" என்றார்கள்.

"இட்லி இருக்கட்டும்மா. நீங்க ஷார்ஜா போயிருக்கீங்களா?" என்றாள் தம்பி பெண்டாட்டி.

"பொண்ணு பிரசவத்துக்குப் போனேன். ஏன், அங்க எதனாச்சும் வெச்சிட்டு வந்துட்டனா?"

"ஒரு கம்பெனிய வெச்சிட்டு வந்திருக்கீங்க."

மில், பாதிப் பங்கு எல்லாம் சொன்னோம். அந்தம்மாவுக்கு நிதானமாகத்தான் புரிந்தது. மருமகன் ஒரு பெரிய கண்ணாடி ஆபீசுக்குக் கூட்டிப்போனது, ஒரு பெண் அதிகாரி சிரித்துக்கொண்டே பாஸ்போர்ட்டைப் பார்த்து நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்கியது, "பேரப்புள்ளைக்கு நல்லதும்மா" என்று அவர் சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக வந்தது. "குளுகுளுன்னு இருந்துச்சி. பேரிச்சம்பழம் குடுத்தாங்க. நானும் போட்டேன்." பிறகு கரண்டியைச் சட்டியில் வைத்தார்கள். "அப்ப அது முழுசா என்னுதா?"

நான் கொழுந்தனாரைக் கூப்பிட்டு ஃபோனை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். கடையில் நாலு லாரிக்காரர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், எல்லோர் கையும் நின்றுவிட்டது.

"நூறு சதம் உங்களுதும்மா."

"அப்ப அவரு?"

"மேனேஜர். நீங்க வெச்ச ஆளு."

"நான் சொல்லாம இவங்க தம்பிக்குப் பாதி குடுக்க முடியுமா?"

"நீங்க வந்து கையெழுத்துப் போடணும். இல்லன்னா நீங்க எழுதிக் குடுத்த பவர்ல பங்கை மாத்தலாம்னு இருக்கணும். கவுன்டர்ல நைசாக் கேட்டேன், அந்தப் பவர்ல ஆபீஸ் வேலை பாக்கத்தான் இருக்காம், பங்கை மாத்த இல்ல. எதுக்கும் நீங்க ஸோன்ல எழுதிக் கேட்டுப் பாத்துக்குங்க."

"அந்தப் பவர நான் வாபஸ் வாங்கலாமா?"

"வாங்கலாம். அங்கயே நோட்டரி முன்னாடி எழுதி, அட்டஸ்ட் பண்ணி, ஸோனுக்குத் தெரியப்படுத்தணும். ஆனா ஒண்ணு கேளுங்கம்மா. கம்பெனி பேருல கடன், அபராதம் வந்தா உங்களையும் தேடி வரும். லைசென்ஸ் முடியறதுக்குள்ள ஒரு முடிவு எடுங்க. வேணாம்னா முறையாக் கேன்சல் பண்ணுங்க, சும்மா விட்டா அபராதம் ஏறிக்கினே போவும்."

அந்தம்மா அந்த இடத்திலேயே மருமகனைக் கூப்பிட்டார்கள். அவர் அன்றைக்கு வளவனூர் வீட்டில்தான் இருந்தார். நாங்கள் கேட்டது இந்தப் பக்கம் மட்டும்.

"மாப்ள, நாந்தான் மேடம் பேசறேன்."

லாரிக்காரர் ஒருவருக்குப் புரையேறிற்று.

"ஆமா, கூட்டேரிப்பட்டு மேடம்தான். ஏன் மாத்தினீங்க எம் பேருக்கு?... செக்கு திரும்பிச்சா? யாரு செக்கு?... ஓகோ. கேஸு வந்தா கம்பெனியப் புடுங்கிக்குவாங்கன்னு என்னை முன்னாடி நிக்க வெச்சிட்டியா. அப்ப கேஸு எம் பேருக்கு வந்தா ஜெயில்ல இட்லி ஊத்துவனா நானு?" குரல் இறங்கியது. "அந்தப் புள்ளையோட மில்லை வித்து அந்த ஓட்டையை அடைக்கப் பாத்தியா மாப்ள. வேணாம். ஜல்தியாக் கெளம்பி வா. வெங்காயம் உரிக்க ஆளு இல்ல."

வெங்காயத்துக்கு அவர் உண்மையிலேயே வந்தார் என்பதை மறுநாள் அந்த வழியாகப் போன பஸ்காரர்கள் எல்லாம் சொன்னார்கள். திருடர் என்று எனக்கு இன்றும் சொல்ல வாய் வரவில்லை. பயந்த மனிதர். பயந்தவர் பக்கத்தில் நிற்கிறவரைத்தான் முன்னால் தள்ளுவார், அடுத்து என் தம்பிதான் நின்றிருந்தான். பிறகு அந்த வருஷமே அந்தம்மா பிடித்த பிடியில் கம்பெனியை முறைப்படி மூடிக் காகிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். செக்குக் கடனை வளவனூர் மனை விற்று அடைத்தார்.

தம்பி அன்றைக்குக் கடைக்கு வெளியே, புளியமரத்தடியில் லாரி முகப்பில் சாய்ந்து செஞ்சி வியாபாரியைக் கூப்பிட்டான். நாங்கள் இரண்டு பேரும் எட்ட நின்றோம். "இல்லீங்க. மில்லு குடுக்கல... ஆடியுமில்ல, ஆவணியுமில்ல. மன்னிச்சிக்குங்க." வைத்துவிட்டு, முகத்தைச் சட்டைக் கையில் துடைத்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். இரண்டு வாரத்துக்குப் பிறகு சோற்றுத் தட்டைக் கடந்து அவளிடமே பேசின முதல் வார்த்தை, "ஏன்டி, உம் பேரு பத்திரத்துல இருக்கறது எனக்கே ஞாபகமில்லையேடி," என்பதுதான்.

"மறந்தது நல்லதுதான்," என்றாள் அவள். "இனிமே பத்திரத்தயும் புதுசா நகல் எடுத்துப் பாப்ப."

உள்ளே இருந்து அந்தம்மா கூப்பிட்டார்கள். இட்லி ஆறுகிறதாம். உட்கார்ந்தோம். மூன்றாவது இட்லி வைக்கும்போது தம்பியிடம் குனிந்து, "ஏம்பா, மல்லாட்டை மில்லுன்னாங்களே. சட்னிக்கு மாசம் மூட்டை மூட்டையா வாங்கறேன், திண்டிவனத்துல எவனோ சொத்தைய கலந்து குடுக்கறான். நீ குடுப்பியா?" என்றார்கள்.

"குடுக்கறேம்மா."

"விலை?"

தம்பி விலை சொன்னான். அந்தம்மா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்கள்.

"ஒரு கம்பெனி மொதலாளிக்குச் சொல்ற விலையா இது?"